தாத்தா எழுதிய ‘ஒன்று’

“குருசுக்குப்பத்துல ஒரு ஸ்கூல்ல கையெழுத்துப் போட்டியாம். பரிசளிப்பு விழா. நாற்பது செகண்ட் வீடியோ போதும்” என்று எடிட்டர் சொன்னபோது எனக்குப் பெரிய ஆர்வம் எதுவும் இல்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு, பேனா பிடிப்பதே கூரியர் பையனுக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான். ஆனால் குருசுக்குப்பம் எங்கள் ஊர். அம்மா கையால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்ற ஒரே காரணத்துக்காக, “நான் போறேன் சார்” என்று கையைத் தூக்கிவிட்டேன்.

பள்ளி வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கடல் காற்று மேடையில் இருந்த சான்றிதழ்களைப் பறக்கவிடாமல் இருக்க, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு செங்கல் துண்டு. வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்தன. என் நாற்பது செகண்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். அப்போதுதான் தலைமை ஆசிரியர் எழுந்தார். மைக் முன்னால் போகாமல், இரண்டு பையன்களைக் கூப்பிட்டு ஒரு கரும்பலகையை மேடைக்குத் தூக்கி வரச் சொன்னார்.

“இது என்னடா, விழாவிலுமா பாடம்?” என்று பெற்றோர் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அழகுக்குப் பரிசு இல்லை

“முதல் பரிசு யாருக்குன்னு தெரிஞ்சதும் சில பேருக்கு வருத்தம் வரும். அதனால எப்படி மார்க் போட்டோம்னு முதல்ல சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தார்.

போட்டியில் கலந்துகொண்டவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். எல்லோரும் ஒரே பத்து வரிகளைக் கேட்டு எழுத வேண்டும். நடுவர்கள் ஆசிரியர்கள் இல்லை, நான்காம் வகுப்புப் பிள்ளைகள்! ஒவ்வொரு தாளையும் ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தடுமாறுகிறதோ, எங்கே தப்பாகப் படிக்கிறதோ, அந்த இடத்தில் ஆசிரியர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். யார் தாளில் கோடு குறைவோ அவருக்குப் பரிசு.

முதல் பரிசு வாங்கிய பையனின் தாளை எனக்குக் காட்டினார்கள். பெரிய, தடித்த, கொஞ்சம் கோணலான எழுத்துகள். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. கொடி படர்ந்தது போலச் சுழித்துச் சுழித்து எழுதியிருந்த ஒரு பெண்ணுக்கு மூன்றாம் பரிசு. அந்தத் தாளில் ஒன்பது கோடுகள்.

“பாப்பா, உன் எழுத்து அழகுதான். ஆனா எழுத்து பார்க்கறவங்களுக்கு இல்ல, படிக்கறவங்களுக்கு” என்றார் தலைமை ஆசிரியர். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டது.

பல் வலியும் பல வலியும்

பிறகு சாக்பீஸை எடுத்தார். நாற்பது தாள்களுக்கு மேல் பார்த்ததில், பிள்ளைகள் தடுமாறிய இடங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கவில்லையாம். திரும்பத் திரும்ப நாலைந்து இடங்கள்தானாம். அவற்றை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார்.

முதலில் ‘பல் வலி’ என்று எழுதினார். பிறகு ல் மேலிருந்த புள்ளியை விரலால் அழித்தார். ‘பல வலி’ ஆகிவிட்டது. கூட்டம் சிரித்தது. “வேகமா எழுதும்போது கை முன்னால ஓடிடும். புள்ளி வைக்கத் திரும்பி வரணும். சோம்பல்ல விட்டுடுவோம். இல்லைன்னா போற போக்குல வைப்போம், அது பக்கத்து எழுத்து தலையில போய் உட்காரும். ஒரு சொல்லை எழுதி முடிச்சதும் புள்ளி எல்லாம் அதது தலையில இருக்கான்னு பார்த்துட்டு அடுத்த சொல்லுக்குப் போங்க” என்றார்.

அடுத்தது துணைக்கால். ‘நாகம்’ என்று எழுதி, அந்தக் காலின் அடியில் ஒரு சின்ன வால் இழுத்தார். ‘நரகம்’! பாம்பு நரகமாகிவிட்டதும் பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். ர-வுக்கும் காலுக்கும் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு வால்தான். வாலை மறந்தால் ர கால் ஆகிவிடும். காலை எழுதும்போது பேனாவைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே அடுத்த எழுத்துக்குப் போனால் கால் ர ஆகிவிடும்.

மூன்றாவது கொம்பு. ‘கேட்டான்’ என்பதில் இரட்டைக்கொம்பின் மேல் சுழி விழாமல் போனால் ‘கெட்டான்’. “ஒருத்தன் உதவி கேட்டான்னு நீங்க எழுதினா, படிக்கறவன் அவன் கெட்டுப் போயிட்டான்னு நினைச்சுக்குவான்” என்றார். நான்காவது, எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. இங்கே பிள்ளைகளுக்கு எந்த ன என்பதில் குழப்பம் இல்லையாம். மூன்று சுழி என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள். கை வேகத்தில் நடுச்சுழி நசுங்கி, மணம் மனமாகிவிடுகிறது.

“இதெல்லாம் இன்னைக்கு வந்த கஷ்டம் இல்ல” என்று சொல்லி, நம் ஊர்க்காரர் ஒருவரை இழுத்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் துபாஷியாக இருந்தவர். 1736-இலிருந்து 1761-இல் தான் இறக்கும்வரை தினசரி நடப்புகளைத் தமிழில் எழுதி வைத்தவர். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. பனையோலையில் எழுதிப் பழகிய அந்தக் காலத்தில், புள்ளி வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசமும் கிடையாது. அந்த நூற்றாண்டில்தான் வீரமாமுனிவர் இரட்டைக்கொம்பைக் கொண்டு வந்தார். காகிதம் வந்த பிறகும் பழைய கைப்பழக்கம் சட்டென்று போய்விடவில்லை.

“அப்போ அவங்க எப்படிப் படிச்சாங்க சார்?” என்று முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் கேட்டேவிட்டான்.

“நல்ல கேள்வி. எழுதினவருக்கும் அவர் காலத்து ஆளுங்களுக்கும் விஷயம் தெரியும். விஷயம் தெரிஞ்சவனுக்குப் புள்ளி இல்லாட்டியும் புரியும். நூறு வருஷம் கழிச்சு விஷயம் தெரியாதவன் படிக்கும்போதுதான் முட்டும். ஆள், ஊர் பேரெல்லாம் வர்ற இடத்துல ஊகிக்கக்கூட முடியாது. இப்போ உன் கையில புள்ளி இருக்கு, கால் இருக்கு, ரெண்டு கொம்பும் இருக்கு. எல்லாம் இருந்தும் நீ போடாம விட்டா, உன்னைத் தெரியாதவன் உன் எழுத்தை எப்படிப் படிப்பான்?”

பலகையில் ஒரு ஏழு

கடைசியாக எண்களுக்கு வந்தார். பலகையில் ஓர் எண் எழுதினார். கீழே இருந்து மேலே சாய்வாக ஒரு நீளமான கோடு, அங்கிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. “இது என்ன?”

“ஏழு!” என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. நானும் மனசுக்குள் ஏழு என்றுதான் சொன்னேன்.

“இல்ல. ஒன்று.”

அதற்குப் பக்கத்தில் ஒரு ஏழு போட்டு, அதன் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்தார். “இதுதான் ஏழு. நம்ம ஊர்ல பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பெரியவங்க இப்படித்தான் எழுதுவாங்க. பிரான்ஸ்ல இன்னைக்கும் அப்படித்தான். அவங்க ஒன்றுக்குத் தலையில நீளமா கோடு இழுக்கறதால, ஏழோட குழம்பிடக் கூடாதுன்னு ஏழுக்கு இடுப்புல ஒரு கோடு போடுவாங்க. அவங்க வரைக்கும் ரெண்டும் தெளிவு. ஆனா குச்சி மாதிரி ஒன்று எழுதற நம்ம கண்ணுக்கு, அவங்க ஒன்று ஏழாத் தெரியும். எழுதினவர் மேலயும் தப்பு இல்ல, படிக்கறவர் மேலயும் தப்பு இல்ல. காசு மட்டும் போயிடும்.”

இதற்குத்தான் காசோலையில் தொகையை எண்ணால் மட்டும் எழுதாமல் எழுத்தாலும் எழுதச் சொல்கிறார்கள் என்றார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-வது பிரிவு சொல்கிறதாம். ‘ஆயிரம்’ என்று எழுதிவிட்டால், எவ்வளவு மோசமான கையெழுத்தாக இருந்தாலும் யாரும் அதை ‘ஏழாயிரம்’ என்று படிக்க மாட்டார்கள் இல்லையா?

கைதட்டல். நான் தட்டவில்லை. பலகையில் இருந்த அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

தாத்தாவின் நோட்டு

எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர். 1954-இல் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது அவருக்குப் பதினான்கு வயது. பிறகு மில்லில் கணக்கு எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, தெருவில் யாருக்காவது அவசரம் என்றால் கைமாற்றாகக் கொஞ்சம் பணம் கொடுப்பார். வட்டி கிடையாது. நீளமான ஒரு நோட்டில் தேதி, ஆள், தொகை என்று ஒரே வரியில் குறித்து வைப்பார். பணம் திரும்பி வந்ததும் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்துவிடுவார்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அவர் இறந்தார். காரியம் முடிந்த பிறகு சித்தப்பா அந்த நோட்டை எடுத்து வந்து, “கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல. அடிக்காத வரியை மட்டும் படி பாப்பா” என்று என்னிடம் கொடுத்தார். அப்படி நாலு வரிகள் இருந்தன. இரண்டாயிரம், ஐந்நூறு, எண்ணூறு என்று நான் படிக்கப் படிக்க அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். நாலாவது, எதிர்வீட்டு மீன்கார ஆயா. “ஏழாயிரத்து ஐந்நூறு” என்று படித்தேன்.

சித்தப்பா போய்க் கேட்டபோது ஆயா, “ஆயிரத்து ஐந்நூறுதானே தம்பி வாங்கினேன்” என்றதாம். சித்தப்பா நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். நோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததாம். பிறகு எதுவும் பேசவில்லை. மாதம் ஐந்நூறு ரூபாயாகப் பதினைந்து மாதங்கள் கொடுத்து அடைத்தது. அன்னக்கூடையில் மீன் எடுத்துப் போய் வீடு வீடாக விற்கிற அந்த ஆயாவுக்கு மாதம் ஐந்நூறு என்பது சின்னப் பணம் இல்லை.

அதற்குப் பிறகு ஆயா எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்குவதில்லை. “என்ன ஆயா, சங்கரா இல்லையா?” என்று அம்மா கேட்டால், “இல்லம்மா” என்று நடந்துவிடும். வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

விழா முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கலப்பதற்குள் பரணில் ஏறி நோட்டை எடுத்துவிட்டேன். அந்த வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினைந்து மாதக் கணக்கைச் சித்தப்பா பக்கத்திலேயே சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்.

வரியின் தொடக்கத்தில் தேதி. 17 மார்ச். அந்தப் பதினேழில் முதல் எண்ணுக்குத் தலையில் நீளமான சாய்வுக் கோடு. இரண்டாவது எண்ணுக்கு இடுப்பில் குறுக்குக் கோடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அதே வரியின் கடைசியில் தொகை. அதன் முதல் எண்ணுக்கும் தலையில் அதே சாய்வுக் கோடு. இடுப்பில் எதுவும் இல்லை.

தொகையின் முதல் எண் ஏழு என்றால், தேதியின் முதல் எண்ணும் ஏழாக இருக்க வேண்டும். அப்படியானால் அது 77 மார்ச். அப்படி ஒரு தேதி கிடையாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்று நான் தேதியைப் படிக்கவே இல்லை. பெயரும் தொகையும் மட்டும்தானே வேண்டும் என்று கண்ணை அங்கேயே வைத்திருந்தேன். மற்ற மூன்று தொகைகளிலும் ஒன்றும் இல்லை, ஏழும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரே இடம் அந்தத் தேதிதான்.

சந்தேகம் தீர, பழைய பக்கங்களையும் புரட்டினேன். அடித்துவிட்ட வரிகளில் எத்தனையோ ஒன்றுகள், எத்தனையோ ஏழுகள். தாத்தா ஒரே ஓர் இடத்தில்கூட மாற்றிப் போடவில்லை. எல்லா ஏழுக்கும் இடுப்பில் கோடு இருந்தது.

ஆறாயிரம் ரூபாய்

சித்தப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. “நான் நோட்டை வேற கொண்டுபோய் நீட்டினேனே பாப்பா…” என்றார் கடைசியில். சாயங்காலமே ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏழாயிரத்து ஐந்நூறில் ஆயிரத்து ஐந்நூறு போக, ஆறாயிரம்.

ஆயா வாசல் படியில் உட்கார்ந்து வலைநூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தது. நான் நோட்டை விரித்து வைத்து, ஒன்றையும் ஏழையும் விரலால் தொட்டுத் தொட்டு, தலைமை ஆசிரியர் பலகையில் காட்டியது போலவே காட்டினேன். ஆயா குனிந்து பார்த்தது.

“எனக்கும் அன்னிக்கு ஏழு மாதிரிதான் தெரிஞ்சிச்சு. அதான் பேசாம குடுத்துட்டேன்” என்றது.

“தப்பாப் படிச்சது நான்தான் ஆயா. மன்னிச்சுக்க.”

ஆயா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அந்த மனுஷன் சரியாத்தான் எழுதி வச்சிருக்காரு” என்றது.

“ஆமா ஆயா. சரியாத்தான் எழுதியிருக்காரு.”

“இத்தினி வருஷமா நான் அவரை என்னென்னமோ நெனச்சிட்டேனே பாப்பா. நல்லா இருந்த மனுஷன் சாகப்போற நேரத்துல இப்படி எழுதிட்டாரேன்னு…” என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயா எங்கள் வாசலில் கூடையை இறக்காமல் போனது வயசினால் இல்லை. அந்தப் பதினைந்து மாதமும், அதற்குப் பிறகும், எங்கள் தாத்தா தன்னை ஏமாற்றிவிட்டார் என்றே ஆயா நம்பியிருக்கிறது. பணத்தை ஒரு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த வருஷங்களை என்ன செய்வது?

சித்தப்பா பணத்தை நீட்டினார். ஆயா வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. வாங்கி, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்து, “ஆறாயிரம் வாங்கிக்கிட்டேன்னு அதுல எழுதிடு” என்றது.

தாத்தாவின் நோட்டில், அதே பக்கத்தில், தேதி போட்டேன். ‘எதிர்வீட்டு ஆயாவுக்குத் திருப்பிக் கொடுத்தது - 6000’ என்று எழுதினேன். கீபோர்டிலேயே பழகிய கை. ரு-வும் த-வும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. திருப்பிய இடத்தில் ஒரு புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டுக் கீழே மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டு, புள்ளியைப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போனேன்.

6000 பக்கத்தில் ‘ஆறாயிரம் ரூபாய்’ என்று எழுத்தாலும் எழுதினேன். பிறகு தாத்தாவைப் போலவே ஸ்கேலை வைத்து, அந்தப் பழைய வரியை அடித்தேன்.

மறுநாள் காலையில் நான் சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, எங்கள் வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. “சங்கரா வந்திருக்கு, வேணுமா?” என்றது ஆயா.